இடப்பக்கம் வளர்ந்தது

என் வளைகாப்புக்கு வந்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கலந்த சாதமெல்லாம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன். இருந்திருந்தால் இதையெல்லாமா எழுதுவார்கள் என்று முகவாயில் கை வைத்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எங்கள் ஊர் புதுச்சேரியை அடுத்த வில்லியனூருக்கு மேற்கே, ஆற்றை ஒட்டினாற்போல் இருந்தது. பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஒரு வரப்பைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியம் என்பார்கள். மாடுகளுக்கு அது தெரியாது, எங்களுக்கும் முக்கால்வாசி நேரம் நினைவிருக்காது. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நெல்லும் கரும்புமாகக் கொஞ்சம் நிலம். மாமனார் இல்லை. மாமியார்தான் எல்லாம். மடை திறக்கிற ஆள் முதல் கரும்பு வெட்டுகிற ஆள் வரை அந்த அம்மாளின் குரலுக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவரை அத்தை என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பெரும்பாலும் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டார். எதிரில் வந்து நின்றால் கூப்பிட்டதாக அர்த்தம்.

என் புருஷனுக்குச் சென்னப்பட்டணத்தில் வேலை, ஜார்ஜ் டவுனில் ஒரு தானிய மண்டியில். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் கீழறை கிடைத்தது. சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரியும். மழைக்காலத்தில் தரையும் சுவரும் காயவே காயாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பால்காரரின் மாட்டுக்கொட்டில். சாணி வாடை வீசுகிறது என்று மாடியில் குடியிருந்தவர்கள் சண்டை போடுவார்கள். எனக்கு அந்த வாடைதான் அந்த ஊரிலேயே பழகினதாக இருந்தது. ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுவரில் ஒரு பூச்சி வந்து உட்காரும். வைக்கோல் நிறம். கொசுவைவிட ரொம்பப் பொடிசு. இறக்கையை மடக்காமல் மேலே தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். கையை ஓங்கினால் ஓடிப் போகாது, கொஞ்சம் தத்தி இன்னோர் இடத்தில் உட்காரும். கொசுவாவது காதில் பாடி அறிவித்துவிட்டுக் கடிக்கும், இதற்கு அந்த மரியாதையும் கிடையாது. கொசுவலையின் கண் வழியாகவே உள்ளே வந்துவிடும். நானும் அவரும் சொறிந்துகொண்டே தூங்கிப் போவோம். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளாவது பேசினோமா என்றால் இல்லை. பட்டணத்தில் பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது.

அங்கே போன இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் பிடித்தது. விசித்திரமான காய்ச்சல். காலையில் ஒருதரம் ஏறும், வேர்த்து இறங்கும், சாயங்காலம் மறுபடி ஏறும். ஆனால் படுக்கையில் போட்டுவிடவில்லை. சமைத்தேன், துவைத்தேன், நன்றாகவே பசித்தது. அவர் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். முறைக்காய்ச்சல், மலேரியா என்று அந்த டாக்டர் கொயினா மாத்திரை கொடுத்தார். வேப்பங்காயைக் கரைத்துக் குடித்த மாதிரி நாக்கு செத்துப் போயிற்றே தவிர, காய்ச்சல் அதன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. உடம்பு இளைத்துக்கொண்டே போனதைப் பார்த்து அவர் பயந்து, தை மாசம் என்னை ரயிலேற்றி ஊருக்கு அழைத்து வந்தார். ஊர்த் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார். பொங்கலுக்கு இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மாசி பிறந்ததும் நான் முழுகாமல் இருந்தேன்.

கல்யாணமாகி நான்காம் வருஷம் அது. எங்கள் வீட்டில் அந்த நான்கு வருஷத்தை யாரும் வாய்விட்டு எண்ணமாட்டார்கள். ஆனால் அதற்கு முந்தின ஆவணியில், திருபுவனைப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகவும், மூத்தவள் சம்மதித்தால் இரண்டாவதாகக் கொடுக்கத் தடையில்லை என்று பெண் வீட்டார் சொன்னதாகவும் பட்டணத்துக்கு வந்திருந்த ஊர்க்காரி ஒருத்தி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மூத்தவள் என்றால் நான். எனக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட அன்று உலையில் அரிசி போடவே மறந்துபோனேன். அதனால் மாசியில் நாள் தள்ளியதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? உடம்பு கொதிக்கக் கொதிக்க, அந்தக் கொதிப்போடேயே சந்தோஷமாக இருந்தேன்.

எதைப் பார்த்தாலும் பிள்ளைத்தாச்சி அடையாளமாகவே இருந்தது. முகம் கறுத்தது. நெற்றியிலும் வாயைச் சுற்றியும் மை பூசினாற்போல் ஆயிற்று. கர்ப்பக் கறுப்பு என்றார்கள். படியேறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. அதுவும் அப்படித்தான் என்றார்கள். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. பிள்ளைக்கு நிறைய முடி இருக்கும், அது உன் முடியைத்தான் எடுத்துக்கொள்கிறது என்று ஒரு கிழவி கண்டுபிடித்துச் சொன்னாள். பல் விளக்கினால் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. அதற்கும் யாரோ ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கையும் காலும் குச்சியாகிக்கொண்டே வர, வயிறு மட்டும் நாளுக்கு நாள் மேடிட்டது.

வயிற்றில் கை வைத்தால் கெட்டியாகத் தட்டுப்படும். நடுவில் இல்லை, இடப்பக்கம். இடது விலாவுக்குக் கீழே தொடங்கி, தொப்புளை நோக்கிச் சரிந்து வந்தது. ஊரில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி வந்து அழுத்திப் பார்த்தாள். விளிம்பில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு வெட்டு மாதிரி இருந்தது. அதைத் தடவி, குதிகால் என்றாள். இடப்பக்கமாகக் கிடப்பதால் பெண் குழந்தைதான் என்றும் சொன்னாள். அதில் எங்கள் பக்கம் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆண் வலம், பெண் இடம். மாமியாருக்கு முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. பிறகு, முதல் பெண் பிறந்தால் வீட்டுக்கு லட்சுமி என்று தாமே சொல்லித் தாமே தேற்றிக்கொண்டார். திருபுவனைப் பேச்சு அதோடு நின்றது.

எனக்குப் பெண் என்றதும் ஒரு முகமே வந்துவிட்டது. அவரைப் போல அகலமான நெற்றி, என்னைப் போல வாய். மத்தியானத்தில் எல்லாரும் கழனிக்குப் போன பிறகு, அந்தக் குதிகாலில் விரலை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். அவளிடம் பேசுவேன். பேர்கூட வைத்திருந்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

காய்ச்சல் மட்டும் விடவில்லை. கொம்யூன் என்கிற எங்கள் வட்டாரத்துக்கு வருகிற சர்க்கார் டாக்டர் ஒருதரம் எங்கள் தெருவுக்கு வந்தபோது கொயினா கொடுத்துவிட்டுப் போனார். மாமியார் அதை வாங்கி வைத்துக்கொண்டார், டாக்டர் தலை மறைந்ததும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டார். கொயினா தின்றால் கரு கலைந்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த மாத்திரையால் என் நோய்க்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது என்பது பின்னால் தெரிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு வயிற்றில் கட்டி என்றால் எங்கள் பக்கத்தில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வயிற்றில் சூடு இழுப்பார்கள். அந்தத் தழும்போடு திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை என்று நினைத்ததால் என் வயிறு அதிலிருந்து தப்பியது. தப்பான எண்ணமும் சில சமயம் காவல் காக்கிறது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து வளைகாப்பு வைத்தார்கள். எனக்கு உட்காரவே தெம்பில்லை. அரக்குப் புடவையைச் சுற்றி, பூச்சூட்டி, இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்து மணையில் உட்கார்த்தினார்கள். என் புருஷனால் பட்டணத்திலிருந்து வர முடியவில்லை. வளையல்காரச் செட்டியார் என் கையைப் பிடித்துப் பார்த்து, கையில் சதையே இல்லையே அம்மா என்றார். மணிக்கட்டு அத்தனை மெலிந்திருந்தாலும் அவர் எடுத்த அளவு சின்னது. விரல் முட்டியில் வந்து சிக்கியது. கையைக் குவித்து அழுத்தித் தள்ளினார். வளையல் முறிந்து, கட்டைவிரலின் அடியில் கீறியது.

சின்னக் கீறல். அரிவாள்மணையில் தினமும் படுகிற காயம். மஞ்சளை வைத்து அழுத்தினார்கள். மஞ்சள் சிவந்து வழிந்தது. சுண்ணாம்பு வைத்தார்கள், காப்பித்தூள் வைத்தார்கள், துணியைச் சுற்றினார்கள். துணி நனைந்து கொண்டே வந்தது. செட்டியார் பிடித்த இடமெல்லாம், புறங்கையில், மணிக்கட்டில், நாவற்பழத்தை நசுக்கினாற்போல் நீலமாகக் கன்றியிருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வளையல் முறிந்தது அபசகுனம் என்பதை அதுவரை வாய்க்குள் வைத்திருந்தவர்கள், ரத்தம் நிற்காததைப் பார்த்ததும் பேசத் தொடங்கிவிட்டார்கள். மூக்கிலிருந்தும் வந்தது. மாமியார் வண்டி கட்டச் சொன்னார். என் மடியில் கட்டிய பூவும் சந்தனமும் அப்படியே இருக்க, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு கன்னியாஸ்திரி, வெள்ளைக்காரி, என் கையை வாங்கி இறுக்கிக் கட்டினாள். கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான், அதில் ‘பயம் இல்லை’ என்பதை மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னாள். ரத்தம் நின்றது. பிறகு டாக்டர் வந்தார். தமிழர், நடுவயது. புதுச்சேரியில் படித்து, கொஞ்ச காலம் சென்னையிலும் பழகியவர். மாமியார் அவரிடம் முதலில் சொன்னதே, ஏழு மாசம், வயிற்றில் பிள்ளை இருக்கிறது, பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும் என்பதுதான்.

அவர் என் வயிற்றை இடுப்பெலும்புப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தொட்டு வந்தார். பிறகு விலாவிலிருந்து கீழே வந்தார். விரலை வைத்து, அந்த விரலின் மேல் இன்னொரு விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். எவ்வளவு காலமாகக் காய்ச்சல் என்றார். ஒரு நாளில் இரண்டு தரம் ஏறுகிறதா என்றார். அதை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் ஆமாம் என்றதும் நிமிர்ந்து, எங்கேயாவது வெளியூரில் இருந்தாயா என்று கேட்டார். சென்னப்பட்டணம் என்றேன். பட்டணத்தில் எந்தப் பக்கம் என்றார். ஜார்ஜ் டவுன் என்று நான் சொன்னதும், பிறகு வீட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். கீழறையா, சுவர் ஈரமா, பக்கத்தில் மாடு உண்டா என்று. மாமியாருக்கு எரிச்சல் வந்தது. நோயாளியைப் பார்க்கச் சொன்னால் வீடு வாடகைக்குப் பார்க்கிறாரே என்று என் காதில் முணுமுணுத்தார்.

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயோடு வந்தார். என் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, அதில் பார்மலின் என்கிற மருந்தைச் சொட்டு விட்டிருந்தார்கள். மற்றவர்கள் ரத்தம் என்றால் அது நீராகவே இருக்குமாம். என்னுடையது அவித்த முட்டையின் வெள்ளைக் கரு போல் உறைந்திருந்தது. குழாயைக் கவிழ்த்துக் காட்டினார், விழவில்லை. காலா அசார் என்றார். வடக்கே வங்காளத்தில் ஊர் ஊராக வாரிக்கொண்டு போகிற கறுப்புக் காய்ச்சல் அது, சென்னையில் ஜார்ஜ் டவுனில் மட்டும் ரொம்ப நாளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீ அங்கிருந்து கொண்டுவந்திருக்கிறாய் என்று விளக்கினார். பொடிப் பூச்சி ஒன்று கடித்து அந்தக் கிருமியை உடம்பில் விடுகிறது என்று பெரிய டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றும் சொன்னார். அப்போது அது சந்தேகம்தான். யுத்த காலத்தில் அது உறுதியானது என்று பின்னால் படித்தேன். படித்த அன்று அந்த வைக்கோல் நிறப் பூச்சி கண்முன்னே வந்து உட்கார்ந்தது.

அந்தக் கிருமி மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்திலும் போய்க் குடியேறிவிடுமாம். ரத்தம் ஊறுவது குறைந்துவிடும். ஊறினதையும் வீங்கிப்போன மண்ணீரல் பிடித்து வைத்து அழிக்கும். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற அணு, நோயை எதிர்க்கிற வெள்ளை அணு, காயத்தில் ரத்தத்தை உறைய வைக்கிற நுண்ணணு, மூன்றும் எனக்குச் சரிந்து போயிருந்தன. அதனால்தான் மூச்சு வாங்கியது, அதனால்தான் ஒரு கீறல் நிற்கவில்லை. சாதாரணமாக மண்ணீரலில் ஊசியால் குத்தி எடுத்துக் கிருமியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வார்கள், உனக்குக் குத்தினால் உள்ளே ரத்தம் நிற்காது, அந்த ஆபத்து வேண்டாம், எனக்கு இதுவே போதும் என்றார். ஊசி மருந்து இருக்கிறது, நரம்பில் போட வேண்டும், போட்டால் பிழைக்கலாம், போடாவிட்டால் கட்டாயம் சாவு என்றார்.

மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?”

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிள்ளை இல்லை அம்மா, வயிற்றில் இருப்பது வீங்கின மண்ணீரல், உடம்பில் ரத்தம் வற்றினதால்தான் நாள் நின்றிருக்கிறது என்றார்.

மாமியார் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? முந்தின நாள்தான் ஊரைக் கூட்டி வளைகாப்பு நடத்தியிருக்கிறார். மருத்துவச்சி குதிகாலைத் தடவிச் சொல்லியிருக்கிறாள். இவர் ஆம்பிளை, சட்டைக்காரத் துரைகளோடு சேர்ந்தவர், பிள்ளைத்தாச்சி வயிற்றைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். ஆண்டிமனி, நம் அஞ்சனக்கல்லில் இருக்கிறதே அது என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்கு இடுகிறதை ரத்தத்தில் ஏற்றுவார்களா என்று மாமியாருக்குக் குரல் உயர்ந்தது. பிரசவம் ஆகட்டும், அதன்பிறகு எந்த ஊசி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், இப்போது வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். டாக்டர் எவ்வளவோ சொன்னார். நிறைய பேர் கூடிவிட்டார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். இந்த டாக்டரை எனக்குப் பிடிக்கவில்லை. உயிர் வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அவர் சொன்னது பொய்யாக வேண்டும் என்றுதான் தோன்றியது. திருபுவனையும் மனசில் வந்து போயிற்று.

டாக்டர் எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கன்னியாஸ்திரியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் பேச்சை நம்ப வேண்டாம், உன் கையை நம்புவாயா என்று கேட்டார். கன்னியாஸ்திரி என் வலக்கையை எடுத்து, கெட்டியாக இருந்த இடத்தின் விளிம்பில் வைத்தாள். மூச்சை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன். அது என் விரலைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கியது. மூச்சை விட்டேன். மேலே போயிற்று. மறுபடி இழுத்தேன், மறுபடி இறங்கியது.

“பிள்ளை மூச்சோட இறங்காதும்மா,” என்றார் டாக்டர். “அது கீழேயிருந்து மேலே வளரும். இது விலாவுக்குள்ளேயிருந்து கீழே வளந்திருக்கு. இப்ப அடிவயித்துல கை வெச்சுப் பாரு.”

வைத்தேன். இடுப்பெலும்புக்கு மேலே, பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில், மெத்தென்று இருந்தது. ஒன்றுமே இல்லை.

இத்தனை மாசமாக இதே கையை இதே வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் ஒருநாளும் உதைத்ததில்லை. சாது என்று நினைத்திருந்தேன். கையை எடுக்க மனம் வராமல் அப்படியே வைத்திருந்தேன், அழுகை வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. மாமியாரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து எதிரில் நின்றார்.

“ஊசி போட்டுக்கறேன் அத்தை,” என்றேன்.

“இன்னாடி சொல்ற?”

“புள்ள இல்ல அத்தை. நானே தொட்டுப் பார்த்துட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார். அந்த நாளில் ஒரு மருமகள் மாமியார் சொல்லுக்கு மேல் ஒரு சொல் சொன்னால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மருந்து புதுச்சேரியில் இல்லை. கல்கத்தாவில் தயாராகிச் சென்னைக்கு வருவது. தந்தி போய், என் புருஷன் பட்டணத்தில் அலைந்து வாங்கி, பஞ்சில் சுற்றி டிபன் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். எல்லையில் சோதனை போடுகிறவர்கள் அந்தக் கண்ணாடிக் குப்பிகளைப் பிரித்துப் பார்த்து, என்ன சரக்கு என்று கேட்டார்களாம். ‘என் பெண்சாதி உயிர்’ என்றாராம். அவரா அப்படிப் பேசினார் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கேட்ட கேள்விக்கே அரைப் பதில் சொல்கிற மனுஷன். ஆனால் குப்பி ஒன்றும் உடையாமல் வந்து சேர்ந்தது.

பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள். முதலில் நரம்பே கிடைக்காது. மருந்து உள்ளே போனதும் குமட்டும், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பேன். கன்னியாஸ்திரி பேசின் பிடித்துக்கொண்டு பயம் இல்லை என்பாள். முதல் சில ஊசிகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் காய்ச்சல் ஏறவில்லை. ஏறும் ஏறும் என்று போர்வையோடு காத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் கூடவே இருந்ததல்லவா, வராவிட்டால் என்னவோ போலிருந்தது.

அதன்பிறகு உடம்பு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஈறில் ரத்தம் நின்றது. நகக்கண்ணில் சிவப்புத் தெரிந்தது. டாக்டர் வரும்போதெல்லாம் என் வயிற்றில் மண்ணீரலின் விளிம்பைத் தடவி, நீலப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். முன்பு போட்ட கோட்டுக்கும் இப்போது போட்டதற்கும் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பார். விலா எலும்பை நோக்கி அது பின்வாங்கிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் முகம் மலரும். அவர் சிரிப்பார், என் புருஷனும் வந்தால் சிரிப்பார், அடுத்த கட்டிலில் கிடந்த கிழவிகூடக் கை தட்டுவாள்.

நான் சிரித்ததில்லை. அறிவுக்குத் தெரிந்துவிட்டது, அது சதை, நோய், என் ரத்தத்தைத் தின்றது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. யாரும் பார்க்காதபோது அந்தக் குதிகாலைத் தேடுவேன். முதலில் தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்தது, பிறகு மேலே, பிறகு இன்னும் மேலே. கடைசியில் ஒருநாள் விலாவுக்குக் கீழே விரலை எவ்வளவு அமுக்கினாலும் தட்டுப்படவில்லை. டாக்டர் வந்து அவரும் தேடினார். ஒண்ணுமில்லை, போயே போச்சு என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்போதுதான் நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதாக நினைத்துக்கொண்டு அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். நல்ல மனுஷன். அவரிடம் நான் எதைச் சொல்வது? பிள்ளை செத்தவளுக்கு அழ ஒரு முறை உண்டு, துக்கம் கேட்க நாலு பேர் உண்டு. எனக்கு எதற்கு அழுகிறேன் என்று சொல்லவே சொல் கிடையாது.

ஊசி போட்ட காலமெல்லாம் மாமியார் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நடவு வேலை என்று சொல்லி அனுப்பினார். கார்த்திகையில் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனபோது, வண்டி தெருவில் நுழைந்ததுமே கதவுகளில் தலைகள் தெரிந்தன. வளைகாப்பு சாப்பிட்டவர்கள். தட்டையான என் வயிற்றைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்து, குழந்தை எங்கே, ஆணா பெண்ணா, தக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். மாமியார் வாசலுக்கு வந்து நின்றார்.

“எம் மருமவ பொழச்சு வந்துகீறா. அத்த மட்டும் கேட்டுட்டுப் போ,” என்றார்.

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். அம்மியடியில் ஏற்கெனவே வேலை நடந்திருந்தது. சுக்கும் திப்பிலியும் பெருங்காயமும் மற்றதும் வறுத்து, பனைவெல்லமும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறி, ஓர் உருண்டையைக் கிண்ணத்தில் வைத்து நீட்டினார். வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து. எங்கள் வீடுகளில் வேறு யாருக்கும் அதைக் கிண்டமாட்டார்கள்.

நான் வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். இது எனக்கு எதற்கு அத்தை, நான்தான் ஒன்றும் பெறவில்லையே என்று எப்படியோ சொன்னேன். பரிகாசம் செய்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே மெதுவாக உட்கார்ந்தார். அவர் என் எதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நீ எத்தினி மாசம் சொமந்தன்னு எனக்குத் தெரியாதாடி? நானுந்தான சொமந்தன்,” என்றார். “துன்னு.”

அந்த வீட்டில் அவளுக்காக நான் மட்டும் ஏங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மருந்து காரமாக இருந்தது. மாமியாரும் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிச்சம் வைக்காமல் தின்றேன்.